தேவகிக்கு எத்தனை எழுத்து?
தொலைபேசியில் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும் முறை

தமிழில் தேவகி என்ற பெயரை யாரும் பிழையாக எழுதிவிட முடியாது. மூன்றே எழுத்து. அதில் லகர ளகரக் குழப்பமோ, றகர ரகரத் தடுமாற்றமோ இல்லை. அதே பெயர் நம் நாட்டின் அடையாள அட்டையில் ஏறும்போது நிலைமை மாறிவிடுகிறது. முதல் ஒலியை D என்றும் எழுதலாம், TH என்றும் எழுதலாம். நடுவில் வருவது V ஆகவும் இருக்கலாம், W ஆகவும் இருக்கலாம். அடுத்து K அல்லது G. கடைசியில் I அல்லது Y. இரண்டு இரண்டாகப் பெருக்கிப் பார்த்தால் 16 வடிவங்கள் கிடைக்கின்றன. DEVAKI, THEVAGI, DEWAKY எல்லாம் ஒரே தேவகிதான். அவற்றுள் எது சரி என்று கேட்டால், அடையாள அட்டையில் எது இருக்கிறதோ அதுதான் சரி. மற்ற பதினைந்தும் வேறொருவருடைய பெயர்.

இப்படி ஆனதற்குக் காரணம் நம் எழுத்து முறையிலேயே இருக்கிறது. தமிழில் ஒரே ககரம் இடத்திற்கு ஏற்ப வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிக்கும். அதற்குத் தனி எழுத்து நமக்குத் தேவைப்படவில்லை. ரோமன் எழுத்தில் எழுதுகிறவருக்கோ K, G இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். தோட்டப்புறங்களில் பிறப்பைப் பதிவு செய்த காலத்தில் அந்தத் தேர்வைச் செய்தவர் பெரும்பாலும் பெற்றோர் அல்லர். கிராணியாரோ பதிவு அலுவலக எழுத்தரோ தம் காதில் விழுந்ததைத் தம் பழக்கப்படி எழுதினார். அதனால்தான் ஒரே வீட்டில் அண்ணனுடைய அட்டையில் அப்பா பெயர் MUNIANDY என்றும், தங்கையின் அட்டையில் MUNIANDI என்றும் இருப்பதை இன்றும் காண்கிறோம்.

ஆகவே பெயரை வாயால் சொன்னால் மட்டும் போதாது. எழுத்தையும் சொல்லியாக வேண்டும். நேரில் என்றால் அட்டையை நீட்டிவிடலாம். குறுஞ்செய்தியோ வாட்ஸ்அப்போ அனுப்ப முடிந்தால் அதுவே மிக நல்லது. அப்படி ஒரு வழி இருக்கும்போது பேசிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆனால், அந்தப் பக்கம் ஒருவர் கணினித் திரையில் கட்டங்களை நிரப்பிக்கொண்டே பேசுகிறார், "எஜா நாமா" (பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள்) என்கிறார் என்றால் வேறு வழியில்லை. கூலிம் ஹைடெக் பூங்காவில் வேலைக்கு மனுச் செய்கிற நம் மாணவர்கள் பலர் முதலில் சந்திக்கும் தேர்வு இதுதான். 1996-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்தப் பூங்கா நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பத் தொழிற்பேட்டை. சுற்றியுள்ள லூனாஸ், பாடாங் செராய், கூலிம் பட்டணம் ஆகிய இடங்களிலிருந்து நம் பிள்ளைகள் அங்கே போய் வருகிறார்கள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பதும், விவரம் சரிபார்ப்பதும் பல வேளைகளில் தொலைபேசி வழியாகவே நடக்கின்றன.

எழுத்துகளின் பெயர்களே எதிரி

"எழுத்தைச் சொன்னால் போயிற்று, இதில் என்ன சிரமம்?" என்று தோன்றலாம். சிரமம் ஆங்கில எழுத்துகளின் பெயர்களில் இருக்கிறது. B, C, D, E, G, P, T, V ஆகிய எட்டும் ஈகாரத்தில் முடிகின்றன. பீ, டீ, வீ என்று சொல்லும்போது ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது முன்னால் வரும் மெய்யொலி மட்டுமே. அது ஒரு நொடியில் நூற்றில் சில பங்கு நேரமே நிற்கும். மீதி முழுவதும் ஈ, ஈ, ஈ. கொஞ்சம் இரைச்சல் புகுந்தால் முதலில் அடிபடுவது அந்தச் சிறு மெய்யொலிதான். உயிரொலி தப்பித்துக்கொள்ளும்.

இதனால்தான் கத்திச் சொல்வதால் பயன் இல்லை. குரலை உயர்த்தும்போது பெரிதாவது உயிரொலியே. மெய்யொலி ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கிறது. உற்பத்திக் கூடத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு "டீ! டீ!" என்று ஒருவர் உரக்கக் கத்தினால், கேட்பவருக்கு "ஈ! ஈ!" என்பதுதான் இன்னும் பலமாகக் கேட்கும்.

தொலைபேசியும் தன் பங்குக்கு ஒன்றைச் செய்கிறது. பழைய தொலைபேசிக் கட்டமைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளை மட்டுமே கடத்தும். பேச்சைப் புரிந்துகொள்ள இது போதும். ஆனால் S என்ற எழுத்தின் சீறல் ஒலி பெரும்பாலும் இந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. அது வெட்டுப்பட்டுப் போவதால் S, F இரண்டும் ஒன்றுபோல் கேட்கின்றன. இன்றைய நான்காம் தலைமுறைக் கைப்பேசி அழைப்புகளில் ஒலியின் அகலம் கூடுதல் என்பது உண்மை. ஆனால் இரு முனைகளும் இடையிலுள்ள கட்டமைப்பும் அதற்கு இடங்கொடுத்தால்தான் அந்தத் தெளிவு கிடைக்கும். அலுவலக மேசைத் தொலைபேசியில் போய் முடிகிற அழைப்பு பழைய எல்லைக்கே திரும்பிவிடக்கூடும்.

நம் தேவகிக்கு வருவோம். அவருடைய அட்டையில் THEVAGI என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏழு எழுத்து. T, E, V, G நான்கும் ஈகாரக் கூட்டத்தைச் சேர்ந்தவை. H, A இரண்டும் ஏகார ஒலியுடைய இன்னொரு சிறு கூட்டம்; J, K இரண்டும் அதில்தான் இருக்கின்றன. தனித்து நிற்பது I ஒன்றே. தகப்பனார் பெயரில் M, N, N என்று மூக்கொலிகள் மூன்று; அவையும் ஒன்றையொன்று ஒத்தவை. வேண்டுமென்றே சிக்கலான பெயரைத் தேடி எடுத்ததாக நினைக்க வேண்டாம். உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் இதைவிட மோசமான பெயர்கள் கிடைக்கும்.

ஓர் உரையாடல்

இதை ஒரு கற்பனை உரையாடலாக அமைத்துப் பார்க்கலாம். தொழிற்சாலை ஒன்றின் மனிதவளப் பிரிவிலிருந்து அதிகாரி ஒருவர் மலாய் மொழியில் பேசுகிறார். தேவகி பேருந்து நிலையத்தில் நிற்கிறார்.

"பெயரை எஜா செய்யுங்கள்."

"டீ, ஏச், ஈ, வீ, ஏ, ஜீ, ஐ, புவான்."

அதிகாரி DHEVAGI என்று தட்டச்சு செய்கிறார். பிறகு கடமை தவறாமல் திருப்பிப் படிக்கிறார்: "டீ, ஏச், ஈ, வீ, ஏ, ஜீ, ஐ. சரியா?"

"சரி, புவான்."

இருவரும் நேர்மையாகவே நடந்துகொண்டார்கள். ஆனாலும் பிழை உள்ளே நுழைந்துவிட்டது. (மேலே உள்ள இரண்டு டீயில் எது T, எது D என்று தமிழில் எழுதிக் காட்ட எனக்கும் வழியில்லை என்பதைக் கவனியுங்கள்.) அதிகாரி D என்றுதான் படித்தார். ஆனால் தேவகி எதிர்பார்த்திருந்தது T. ஆகவே அவர் காதில் T என்றே விழுந்தது. எழுத்தை மட்டும் திருப்பிப் படிப்பதால், போகும்போது எந்த ஒலி தவறியதோ, திரும்பி வரும்போதும் அதே ஒலி தவறுகிறது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. DHEVAGI என்பது பார்வைக்கு ஓர் இந்தியப் பெயராகவே இருக்கிறது. PHEBADI என்று விழுந்திருந்தால் அதிகாரியே சந்தேகப்பட்டு மறுபடி கேட்டிருப்பார். பார்த்தவுடன் கோணலாகத் தெரிகிற பிழையால் பெரிய ஆபத்து இல்லை. நேராகத் தெரிகிற பிழைதான் கடைசி வரை யார் கண்ணிலும் படாமல் போகும்.

அடையாள அட்டை எண்ணுக்கு இந்தக் குறை அவ்வளவாக இல்லை. அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தைக் காட்டும், கெடாவுக்கு 02 என்பதுபோல். கடைசி இலக்கம் பெண்ணுக்கு இரட்டைப்படை, ஆணுக்கு ஒற்றைப்படை. மாதம் 13 என்று விழுந்தால் எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். பெயருக்குள் அப்படி ஒரு காவல்காரன் இல்லை. மின்னஞ்சல் முகவரிக்கும் இல்லை. தேவகியின் முகவரி thevagi என்று தொடங்கி, கடிதம் dhevagi என்ற முகவரிக்குப் போனால், அப்படி ஒரு முகவரியை வேறொருவர் வைத்திருக்கும் பட்சத்தில் அது திரும்பி வராது. தேவகி காத்திருப்பார். தொழிற்சாலையும் காத்திருக்கும். குறித்த நாள் கடந்ததும் அடுத்தவரை அழைப்பார்கள்.

26 சொற்கள் பிறந்த கதை

இந்தச் சிக்கலைத் தீர்க்க வேண்டிய கட்டாயம் விமானத் துறைக்கும் வந்தது. அனைத்துலக பொது விமானப் போக்குவரத்து அமைப்பு, மாண்ட்ரியல் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் ழான் பால் வினேயின் துணையுடன் ஒரு சொற்பட்டியலை உருவாக்கி, 1951-ஆம் ஆண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் C-க்குக் கோக்கா, M-க்கு மெட்ரோ, N-க்கு நெக்டார், U-க்கு யூனியன், X-க்கு எக்ஸ்ட்ரா என்று இருந்தன. விமானிகள் பயன்படுத்திப் பார்த்தபோது குறைகள் தெரிந்தன. நெக்டார் என்பது விக்டர் போல் கேட்டது. எக்ஸ்ட்ரா என்பது டெல்டாவோடு குழம்பியது. பல நாட்டவரை வைத்து மறுபடி சோதித்து இந்த ஐந்தையும் மாற்றினார்கள். 1956-ஆம் ஆண்டு முதல் இன்றுவரை வழங்கிவருவது அந்தத் திருத்திய பட்டியல்:

ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா, எக்கோ, ஃபாக்ஸ்ட்ராட், கோல்ஃப், ஹோட்டல், இந்தியா, ஜூலியட், கிலோ, லீமா, மைக், நவம்பர், ஆஸ்கார், பாப்பா, கெபெக், ரோமியோ, சியரா, டாங்கோ, யூனிஃபார்ம், விக்டர், விஸ்கி, எக்ஸ்ரே, யாங்கி, ஸூலு.

நெக்டார் என்பது தன்னளவில் குறையுள்ள சொல் இல்லை. பட்டியலில் விக்டர் இல்லாதிருந்தால் அது நிலைத்திருக்கும். ஒரு சொல் நல்லதா என்பதைத் தனியாக வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. இரைச்சலில் பாதி உடைந்த பிறகு அது வேறு எதுவாகக் கேட்கக்கூடும் என்று பார்க்க வேண்டும். நல்ல சொல் என்பது சிதைந்தாலும் வேறொன்றாக மாற இடமில்லாத சொல்.

நமக்கு எந்தச் சொற்கள்?

விமானப் பட்டியலை மனப்பாடம் செய்வது நல்லதுதான். ஆனால் விமானி இருவர் பேசும்போது இருவருக்கும் அது தெரியும். கூலிமில் மனிதவளப் பிரிவில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கெபெக் என்றால் அவர் அதை K என்று எழுதினாலும் குறை சொல்ல முடியாது. Q-வில் தொடங்கும் கனடா நாட்டு மாநிலம் அது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே இரு பக்கமும் எழுதிப் பழகிய, எழுத்துக்கூட்டலில் ஐயமில்லாத சொற்களே பயன்படும். நம் நாட்டில் மக்கள் இயல்பாகவே ஊர்ப் பெயர்களைச் சொல்கிறார்கள். அது நல்ல பழக்கம். பெயர்ப் பலகைகளில் நாள்தோறும் பார்ப்பதால் எழுத்து எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் ஊர்ப் பெயர்களிலும் நெக்டார்கள் உண்டு. கெடாவிலேயே பெண்டாங் இருக்கிறது, பெடோங் இருக்கிறது. P-க்கு ஒன்றையும் B-க்கு இன்னொன்றையும் வைத்துக்கொண்டால், கெட்ட இணைப்பில் இரண்டும் ஒன்றாகிவிடும். எந்த இரண்டு எழுத்தைப் பிரிக்க வேண்டுமோ அந்த இரண்டையே குழப்புகிற சொற்கள் இவை. யான் என்ற ஊரை Y-க்கு வைக்கலாமே என்றால், அது ஓரசைச் சொல். கேட்கத் தொடங்குமுன் முடிந்துவிடும். யமஹா என்று சொல்லுங்கள். மூன்று அசை; தோட்டத்தில் எல்லார் வீட்டு வாசலிலும் நின்ற வண்டி. வேறு எதோடும் குழம்பாது.

ஈப்போவைப் பற்றி ஒரு வார்த்தை. I-க்கு ஈப்போ என்பது மலேசியர்களுக்குப் பழக்கமான ஒன்று. ஆனால் ஊரின் பெயர் ஈகாரத்தில் தொடங்குகிறது. ஈகாரமோ ஆங்கிலத்தில் E என்ற எழுத்தின் பெயர். கேட்பவர் ஊரின் எழுத்தை நினைத்தால் I எழுதுவார். ஒலியை நினைத்தால் E எழுதுவார். நம் நாட்டவரிடம் சொல்லும்போது பெரும்பாலும் தப்பித்துவிடலாம். வெளிநாட்டு அழைப்பு மையத்திடம் வேண்டாம். அங்கே இந்தியா என்பது பாதுகாப்பானது. அதேபோல் ஹோட்டல் என்பதை நாம் வாய்த் தவறி ஓட்டல் என்று சொல்லிவிடுகிறோம். H-க்குப் பதில் O விழுந்துவிடும். ஹகரத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்.

நம்மவர் மிகுதியாகச் செய்யும் தவறு, தமிழ் ஆள்பெயர்களை எடுத்துக்காட்டாகச் சொல்வது. "G, கணேசனுக்கு வரும் G" என்கிறார்கள். நம் நாட்டில் GANESAN எவ்வளவு உண்டோ அவ்வளவுக்கு KANESAN-உம் உண்டு. "S, சின்னசாமி" என்றால் கேட்பவருடைய மாமா CHINNASAMY ஆக இருக்கலாம். "D, தேவி" என்றால் அவர் தோழி THEVI. எந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் புறப்பட்டோமோ, அந்தக் குழப்பத்தையே எடுத்துக்காட்டாகக் கொடுத்துவிடுகிறோம். இரு தமிழர்கள் பேசிக்கொள்ளும்போதுதான் இது அதிகம் நடக்கிறது என்பது வேடிக்கை.

டுரியான் எப்படி? D-க்கு அது மிக நல்ல சொல் என்பது என் கருத்து. இணைப்பு கெட்டு டகரம் துகரமாகக் கேட்டாலும், துரியான் என்று வேறொரு பழம் இல்லை. கேட்பவருடைய மனமே அதைச் சரிசெய்து D எழுதிவிடும்.

மறுபடி அதே அழைப்பு

இப்போது தேவகி ஆயத்தமாக இருக்கிறார். அவர் தம் பெயருக்குரிய சொற்களை முன்பே தேர்ந்து, கைப்பேசிக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 26 எழுத்தும் தேவையில்லை. தம் பெயரிலும் தந்தையின் பெயரிலும் மின்னஞ்சலிலும் வருகிற எழுத்துகள் போதும்.

முதலில் பெயரை முழுதாக ஒருமுறை சொல்கிறார். பிறகு, "ஏழு எழுத்து, புவான். முதலில் மூன்று: டைப்பிங்குக்கு T, ஹோட்டலுக்கு H, எலெக்ட்ரிக்குக்கு E" என்று சொல்லி நிறுத்துகிறார். அதிகாரி "ம்" என்ற பிறகு, "அடுத்து நான்கு: விட்டமினுக்கு V, அலோர் ஸ்டாருக்கு A, குருணுக்கு G, இந்தியாவுக்கு I."

எலெக்ட்ரிக் என்பது மலாயிலும் ஆங்கிலத்திலும் E-யில்தான் தொடங்குகிறது. விட்டமினும் அப்படியே இரு மொழியிலும் V. மலாயில் ஓர் எழுத்தும் ஆங்கிலத்தில் வேறோர் எழுத்துமாகத் தொடங்கும் சொற்களைத் தவிர்க்க வேண்டும். டாக்சி, தெக்சி என்று இரு மொழியிலும் T வருவதால் அது சரி. ஆனால் மோட்டார் சைக்கிளின் சைக்கிளை C-க்கு வைத்தால் S எழுதப்படும்.

"ஏழு எழுத்து" என்று முதலில் சொன்னது வீண் இல்லை. பேச்சு ஒரு கணம் அறுந்து ஓர் எழுத்து விழுங்கப்பட்டால், அதிகாரியின் கட்டத்தில் ஆறே இருக்கும், அவரே கேட்பார். மூன்று நான்காகப் பிரித்ததும் அதற்காகத்தான். ஏழையும் ஒரே மூச்சில் சொன்னால், எழுதுகிற கை பின்தங்கி, நடுவில் ஒன்று விடுபடும்.

பிறகு தேவகி கேட்கிறார்: "சொல்லோடு சேர்த்துத் திருப்பிச் சொல்ல முடியுமா, புவான்?"

"டுரியானுக்கு D..." என்று தொடங்குகிறார் அதிகாரி.

இங்கே பிழை வெளியே வந்துவிட்டது. டைப்பிங் என்பதை அவர் சரியாகக் கேட்கவில்லை. D என்று எழுதிவிட்டு, படிக்கும்போது தம் மனத்திலிருந்த D-க்கு ஒரு சொல்லைத் தாமே சேர்த்தார். முதல் உரையாடலில் டீயாகப் போய் டீயாகத் திரும்பி வந்த அதே பிழைதான். இம்முறை அது டுரியான் வேடத்தில் வந்ததால் தேவகியின் காது பிடித்துக்கொண்டது. "இல்லை, புவான். T. டைப்பிங், பேராக்கில் உள்ள டைப்பிங்." திருத்தம் அவ்வளவுதான். முழுப் பெயரையும் மறுபடி ஓத வேண்டியதில்லை.

தந்தையின் பெயருக்கு இவ்வளவு நேரம் ஆகாது. முனியாண்டி என்ற பெயரைக் கூலிம் வட்டாரத்தில் கேட்டிராத அலுவலர் அரிது. ஆகவே எழுத்தைச் சொல்லிவிட்டு, ஐயம் வரக்கூடிய இடத்தை மட்டும் சுட்டினால் போதும்: "கடைசி எழுத்து யமஹாவுக்கு Y, I இல்லை." தெரிந்த பெயர் என்பதாலேயே அதிகாரி காதை மூடிக்கொண்டு தம் பழக்கப்படி எழுதிவிடும் அபாயம் உண்டு. வழக்கத்திற்கு மாறான எழுத்து உங்கள் பெயரில் இருந்தால், அதை முதலிலேயே எச்சரித்துவிடுவது நல்லது.

இடையில் வரும் A/P-யை "ஏ பீ" என்று மட்டும் சொல்லக்கூடாது. பீ என்பதும் ஈகாரக் கூட்டத்து எழுத்துதான். "அனாக் பெரெம்புவான்" என்று முழுதாகச் சொன்னால் முடிந்தது. அதைச் சாய்கோட்டுடன் எழுதுகிறார்களா, இல்லாமலா என்றும் கேட்டுக்கொள்ளலாம். சில கணினிப் படிவங்கள் சாய்கோட்டை ஏற்பதில்லை; பிறகு பெயரைத் தேடும்போது அதுவே தடையாகிவிடும்.

மின்னஞ்சல் முகவரியில் எழுத்தும் எண்ணும் கலந்து வரும். ஆங்கிலத்தில் H என்பதும் 8 என்பதும் பாதி ஒலிவரை ஒன்றே. ஆகவே எண் தொடங்குமுன் "இனி எண்" என்று சொல்லிவிட வேண்டும். எண்ணை மலாயில் சொல்வது இன்னும் நல்லது. லாப்பான் என்பது எந்த எழுத்தின் பெயரையும் ஒத்திருக்கவில்லை. பூஜ்யத்தை "ஓ" என்பதையும் விட்டுவிட வேண்டும். கோசோங் என்ற அருமையான சொல் கைவசம் இருக்கும்போது "ஓ" எதற்கு? ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால் "டபுள்" என்று சொல்லாமல் இரண்டு முறை சொல்லுங்கள். டபுள் யூ என்பது ஏற்கெனவே W-இன் பெயராகிவிட்டது.

தமிழ் எழுத்துக்கு என்ன செய்வது?

பெயரைத் தமிழிலேயே எழுதவேண்டிய வேளைகளும் உண்டு. திருமண அழைப்பிதழ் அச்சிடுகிறவரிடம் சொல்கிறோம், கோயில் உபயதாரர் பட்டியலுக்குக் கொடுக்கிறோம். அங்கே P, B குழப்பம் இல்லை. ஆனால் ல, ள, ழ ஒரு பக்கமும், ந, ண, ன இன்னொரு பக்கமும், ர, ற வேறொரு பக்கமும் நிற்கின்றன.

இதற்கு நம் தமிழாசிரியர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டோம். ணகரத்தை டண்ணகரம் என்றும், நகரத்தைத் தந்நகரம் என்றும், னகரத்தை றன்னகரம் என்றும் சொல்வார்கள். வண்டி, பந்து, கன்று ஆகிய சொற்களைப் பாருங்கள். ணகர மெய்யைத் தொடர்ந்து டகரம் வருகிறது. நகர மெய்யைத் தொடர்ந்து தகரம். னகர மெய்யைத் தொடர்ந்து றகரம். தனியாகச் சொன்னால் காதுக்குப் பிடிபடாத எழுத்தை, அதன் கூட்டாளியின் பெயரைச் சேர்த்து அடையாளம் காட்டியிருக்கிறார்கள். ட, த, ற மூன்றும் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. ஆகவே குழப்பம் தீர்ந்தது. விமானிகளுக்கு நெக்டார் சொல்லிக் கொடுத்த பாடமும் இதுவும் ஒன்றே.

மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று எண்ணிச் சொல்வதும் தொலைபேசிக்கு ஏற்றது. ஆனால் லகர ளகரத்திற்குச் சுழி உதவாது, சொல் தேவை. இங்கும் பெண்டாங், பெடோங் கதைதான். "பள்ளிக்கு வரும் ள" என்று சொன்னால், ல, ள இரண்டையும் ஒன்றாக ஒலிக்கிறவருக்கு அது பல்லியாகவே விழும். வெல்லமும் வெள்ளமும் அப்படியே. இணையாக இன்னொரு சொல் இல்லாததைத் தேட வேண்டும். பாலுக்கு வரும் ல. பாள் என்று ஒரு பொருள் இல்லை. தேளுக்கு வரும் ள. தேல் என்று ஒரு பூச்சி இல்லை. தமிழுக்கு வரும் ழ. மரமும் மறமும் குழம்பும் என்பதால், ரகரத்திற்குத் தேர், றகரத்திற்குக் காற்று. கண்ணுக்கு ண, மீனுக்கு ன, நாய்க்கு ந.

பரிமளம் என்ற பெயரை அச்சகத்தாரிடம் சொல்வதாக இருந்தால், "தேருக்கு வரும் ரி, தேளுக்கு வரும் ள" என்ற இரண்டே குறிப்பு போதும். ப, ம இரண்டுக்கும் குறிப்பு தேவையில்லை. தேவகி என்ற பெயருக்கு எதுவுமே தேவையில்லை. அச்சகத்தில் அவருக்கு அரை நொடி வேலை. தொழிற்சாலையில் ஒன்றரை நிமிடம்.